பீரங்கியா, கணக்கேடா?

வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுதோறும் தவறாமல் தலைகாட்டும் வினாக்கள் சில உண்டு. வெடிமருந்துப் படைக்கலங்கள் போர்முறையை எவ்வாறு மாற்றின, மைய அரசுகளை எவ்வாறு வலுப்படுத்தின என்பது அவற்றுள் ஒன்று. வினாவைப் போலவே விடையும் அச்சில் வார்த்தெடுத்ததாகவே இருக்கும். பிரபுக்கள் உயர்ந்த மதில்களுக்குப் பின்னே இருந்துகொண்டு மன்னனுக்கு அடங்காமல் வாழ்ந்தனர். பீரங்கி வந்தது, மதில்கள் வீழ்ந்தன. பீரங்கியின் விலை பிரபுக்களுக்கு எட்டவில்லை, மன்னனுக்கே எட்டியது. ஆகவே மைய அரசு எழுந்தது. இவ்வளவுதான். மாணாக்கன் இதனை மனப்பாடம் செய்கிறான். ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஒரு சரிக்குறி இடுகிறார். வழிகாட்டி நூல் எழுதியவர் மறுபதிப்புப் போடுகிறார். இம்மூவருள் ஒருவரேனும், “பீரங்கிக்குப் பணம் கொடுத்தவன் யார்?” என்று கேட்டதாகத் தெரியவில்லை.

குற்றம் விடையில் தொடங்கவில்லை, வினாவிலேயே தொடங்குகிறது. ‘எவ்வாறு வலுப்படுத்தின’ என்று கேட்பவர், வலுப்படுத்தின என்பதை முன்னரே முடிவு செய்துவிட்டார். இனி மாணாக்கன் செய்வதற்கு எஞ்சியிருப்பது, முடிந்த முடிவுக்குக் காரணங்களைத் தேடி அடுக்கும் வேலை ஒன்றே. வழக்குமன்றத்தில் இவ்வாறு வினவினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்பார். வகுப்பறையில் எழுந்து நிற்பார் இல்லை.

இந்த விடை முழுப்பொய் என்று கூறுவதற்கில்லை. அறிஞர் பலர் இதன் பக்கம் நின்றுள்ளனர். 1955 ஆம் ஆண்டு மைக்கேல் ராபர்ட்ஸ் என்னும் வரலாற்றாசிரியர் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆற்றிய சொற்பொழிவில், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் போர்முறையில் ஒரு புரட்சியே நிகழ்ந்தது என்றும், அதுவே அரசுகளைப் பெருக்கச் செய்தது என்றும் வாதிட்டார். அவருக்குப் பின் வந்தோர் அக்கருத்தை அறுத்தும் ஒட்டியும் திருத்தியும் இன்றுவரை வாதிட்டு வருகின்றனர். ஆனால் அந்த வாதம் வழிகாட்டி நூலை வந்தடைவதற்குள் அதன் சதையெல்லாம் கழிந்துபோய் எலும்பு மட்டும் எஞ்சிவிட்டது. எலும்பைக் காட்டி, ‘இதுதான் ஆள்’ என்று அறிமுகம் செய்வது முறையாகாது.

மாதிரி விடை தனக்குச் சான்றாக முதலில் அழைப்பது பிரான்சு நாட்டை. ஆகவே பிரான்சையே எடுத்துக்கொண்டு, நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் நடந்தன என்று பார்ப்பதே நேர்மையான வழி. காரணம் முன்னும் காரியம் பின்னும் வரவேண்டும் என்பது தருக்க நூலின் முதற்பாடம் அன்றோ?

பீரங்கி பிரான்சுக்குப் புதிதாக வந்த விருந்தினன் அல்லன். 1326 ஆம் ஆண்டளவிலேயே ஐரோப்பாவில் பீரங்கியின் படம் வரையப்பட்டுவிட்டது. அதற்கடுத்த நூறு ஆண்டுகளில் பிரெஞ்சு மன்னன், ஆங்கில மன்னன், பிரபுக்கள், நகர மன்றத்தார் ஆகிய எல்லாரிடமும் சிறிதும் பெரிதுமாகப் பீரங்கிகள் இருந்தன. அந்த நூறு ஆண்டுகளில் பிரெஞ்சு மைய அரசு வலுப்பெற்றதா? நேர்மாறாகச் சிதறிப்போயிற்று. 1415 இல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி ஆர்ஃப்ளூர் நகரைப் பீரங்கிகளோடு முற்றுகையிட்டுக் கைக்கொண்டான். 1417 இல் மீண்டும் வந்து இரண்டாண்டுகளில் நார்மண்டி முழுவதையும் விழுங்கினான். அதன் தலைநகரான ரூவான் 1419 சனவரியில் பணிந்தது. அதனைப் பணியவைத்தது பசியே. வெடிமருந்து யாருக்கும் உறவினன் அன்று. பயன்படுத்தத் தெரிந்தவனுக்கெல்லாம் ஊழியம் செய்யும். நூறாண்டுக் காலம் கையிலிருந்த படைக்கலம் அரசை எழுப்பவில்லை என்றால், பின்னர் அரசை எழுப்பியது வேறு ஏதோ ஒன்றாக இருத்தல் வேண்டும்.

அந்த வேறொன்றைத் தேட ஏழாம் சார்லஸ் காலத்து நாட்டுப்புறத்துக்குச் செல்ல வேண்டும். 1429 இல் ரீம்ஸ் நகரில் முடிசூடிய இம்மன்னனுக்குப் பகைவர் இருவகையினர். ஒருவகையினர் ஆங்கிலேயர். மற்றொரு வகையினர் அவன் பெயரால் போரிட்ட அவனுடைய படைஞர்களே. கூலி ஒழுங்காகக் கிடைக்காத அப்படைஞர்கள் கூட்டங்கூட்டமாகத் திரிந்து சிற்றூர்களைக் கொள்ளையிட்டனர். மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘தோலுரிப்போர்’. உழவனின் மாடும் தானியமும் போனபின் எஞ்சிய தோலையும் உரிப்பவர் என்பது பொருள். அத்தகைய படைத்தலைவர்களைத் தத்தம் நிழலில் வைத்திருந்தவர்களும், தத்தம் நிலத்தில் தாமே வரி தண்டியவர்களும் பெரும் பிரபுக்கள்.

1439 ஆம் ஆண்டு ஓர்லியான் நகரில் வெளியிட்ட ஆணையால் மன்னன் இதன்மேல் கைவைத்தான். மன்னனின் இசைவின்றி எவரும் படைதிரட்டல் கூடாது; படைத்தலைவர்களை மன்னனே அமர்த்துவான்; படைச்செலவுக்குரிய நேர்வரியைப் பிரபுக்கள் தம் விருப்பம்போல் விதித்தல் கூடாது. இதுவே அவ்வாணையின் சாரம். பிரபுக்கள் இதன் பொருளை உடனே உணர்ந்துகொண்டனர். அடுத்த ஆண்டே, 1440 இல், மன்னனின் மகனையே தலைமையாக வைத்துக் கலகம் எழுப்பினர். கலகம் சில திங்களில் அடங்கியது. பிரபுக்களைக் கலகத்துக்குத் தூண்டியது பீரங்கி அன்று, வரியைப் பற்றிய ஒரு தாள் என்பதை மாணாக்கர் கவனித்தல் வேண்டும். தம் அதிகாரம் எங்கே அறுபடுகிறது என்பதை அவர்கள் இன்றைய வழிகாட்டி நூலாரைவிட நன்றாகவே அறிந்திருந்தனர்.

1444 இல் ஆங்கிலேயரோடு போர்நிறுத்தம் ஏற்பட்டது. போர் நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் கொள்ளை பெருகும். இந்த நெருக்கடியில்தான் 1445 இன் படைச்சீர்திருத்தம் வந்தது. திரிந்த படைஞருள் தேர்ந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, ஏனையோரை வீட்டுக்கு அனுப்பினர். எடுத்தவர்களைப் பதினைந்து அணிகளாக வகுத்தனர். ஓர் அணிக்கு நூறு ‘ஈட்டி’கள். ஓர் ஈட்டி என்பது ஒருவன் பெயர் அன்று, ஆறு பேர் கொண்ட சிறு குழு: கவசமணிந்த குதிரைவீரன் ஒருவன், வாள்வீரன் ஒருவன், வில்லாளர் இருவர், ஏவலர் இருவர். பெருக்கிப் பார்த்தால் ஒன்பதாயிரம் பேர். அவர்களுள் போரிடுவோர் ஆறாயிரம் பேர். இப்படையை நகரங்களில் பிரித்துத் தங்கவைத்தனர். குறித்த காலங்களில் எழுத்தர்கள் வந்து ஆளையும் குதிரையையும் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். இல்லாத வீரனின் பெயரை எழுதிவைத்து அவன் கூலியைத் தலைவன் விழுங்கும் பழக்கம் அக்காலப் படைகளில் பரவியிருந்தது. அதற்குப் போட்ட கடிவாளமே இந்தச் சரிபார்ப்பு. படைச்செலவுக்குரிய நேர்வரியை மன்னன் மூவகைப் பேராளர் அவையைக் கேளாமலேயே ஆண்டுதோறும் தண்டத் தொடங்கினான். பிரபுக்களும் குருமாரும் பெரும்பாலும் அவ்வரியினின்று விலக்குப் பெற்றனர். சுமை உழவன் தலைமேல் ஏறியது. பிரபுக்கள் பின்னர் அவ்வளவாக எதிர்க்காமைக்கு இந்த விலக்கும் ஒரு காரணம். அந்த அணிகளில் பதவி பெற்றுக் கூலி வாங்கியவர்களுள் பிரபுக் குடியினரும் பலர். மன்னன் அவர்களைச் சுட்டு வீழ்த்தவில்லை, சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொண்டான்.

இதற்குப் பிறகே பீரங்கி மேடைக்கு வருகிறது. வருவதும் தனியாக வரவில்லை. சான் பியூரோ, காசுபார் பியூரோ என்னும் உடன்பிறந்தார் இருவர் மன்னனின் பீரங்கிகளைப் பொறுப்பேற்று நடத்தினர். அவ்விருவருள் புகழ்பெற்ற சான் பியூரோ, குதிரையேறிப் போர் பயின்று வளர்ந்தவர் அல்லர். பாரிசில் சட்டத்துறையில் பணியாற்றியவர். வரி தண்டும் அலுவலராக உயர்ந்து, 1443 இல் பிரான்சின் பொருளாளர்களுள் ஒருவர் ஆனவர். ஒரு கணக்காளரின் கையில் பீரங்கிப் படையை ஒப்படைத்தது தற்செயலன்று. பீரங்கிப் படை என்பது அக்காலத்தில் முக்காலே மூன்றுவீசம் கணக்கு வேலைதான்.

எவ்வாறு என்பதைச் சிறிது விரித்துச் சொன்னால்தான் விளங்கும். வெடிமருந்து மூன்று பொருள்களின் கலவை: வெடியுப்பு, கந்தகம், கரி. பிற்காலத்தில் நிலைபெற்ற அளவுப்படி நூறு பங்கில் ஏறத்தாழ எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு. அவ்வுப்பு மாட்டுத்தொழுவம், குதிரைலாயம், பழைய நிலவறை ஆகியவற்றின் மண்ணிலிருந்து அள்ளி, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுக்கப்படுவது. கூடைகூடையாக மண்ணைக் கரைத்தாலும் கிடைப்பது சிறிதளவே. ஆகவே அதனை ஓராண்டு முன்னரே சேர்த்துவைக்க வேண்டும். ஈரம் பட்டால் மருந்து கெட்டுவிடும். பீப்பாய் வேண்டும், உலர்ந்த அறை வேண்டும். குண்டுகள் கல்லானால் கல்தச்சன் வேண்டும், இரும்பானால் வார்ப்புக்காரன் வேண்டும். பீரங்கியை இழுக்கக் குதிரைகளும், குதிரைகளுக்குத் தீனியும், சகதியில் புதைந்த சக்கரத்தைத் தூக்க ஆட்களும் வேண்டும். மதிலை நெருங்கப் பதுங்குகுழி வெட்டும் மண்வெட்டிக்காரர் நூற்றுக்கணக்கில் வேண்டும். இவர்களுள் ஒருவகையினர் வந்துசேராவிட்டாலும் வெண்கலப் பீரங்கி மழையில் நனைந்துகொண்டு சும்மா கிடக்கும். எதிரி கண்ணுக்குத் தெரிவதற்குப் பல திங்களுக்கு முன்பே இவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்தாக வேண்டும். ஆண்டுதோறும் தவறாது வரும் வரி இல்லாதவன் இதனைச் செய்ய முடியாது. பியூரோ செய்தது இதுவே.

விளைவு விரைந்து வந்தது. 1449 கோடையில் தொடங்கிய நார்மண்டிப் போர் 1450 ஆகஸ்டில் செர்பூர் துறைமுகம் வீழ்ந்ததோடு முடிந்தது. ஐந்தாம் ஹென்றி இரண்டாண்டில் வென்றதை ஏழாம் சார்லஸ் ஓராண்டில் மீட்டான். மாதிரி விடை இவ்விடத்தில் எழுந்து, “பார்த்தீர்களா, பீரங்கி!” என்று கைதட்டும். ஆனால் எத்தனை நகரங்களில் மதில் உண்மையாகவே இடிக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால் கைதட்டல் அடங்கிவிடும். பல நகரங்கள் பீரங்கி வரிசையைக் கண்டதுமே உடன்பாடு பேசின. பெருநகரமாகிய ரூவானில் நகர மக்களே எழுந்து, ஆங்கிலக் காவற்படையைக் கோட்டைக்குள் ஒடுக்கி, வாயிலைத் திறந்துவிட்டனர். வந்த படை கூலி பெற்ற படை, கொள்ளையடிக்காது என்னும் நம்பிக்கை பிறந்திராவிட்டால் வாயில் திறந்திருக்குமா? தோலுரிப்போர் வந்திருந்தால் அதே மக்கள் மதில்மேல் ஏறிக் கொதிநீர் ஊற்றியிருப்பார்கள்.

பீரங்கி தன் முழு வலியைக் காட்டிய நாள் ஒன்றும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. 1453 சூலை 17 ஆம் நாள், தென்மேற்குப் பிரான்சில் காசுட்டியோன் என்னும் சிற்றூருக்கு அருகில் பியூரோ தம் முகாமைச் சுற்றி அகழி வெட்டி, மண்கரை எழுப்பி, வேலியிட்டு, பீரங்கிகளை நிறுத்தியிருந்தார். கரையை நேர்கோடாக அமைக்காமல் வளைத்தும் நெளித்தும் அமைத்திருந்தார். கரையை நோக்கி ஓடிவருவோரைப் பக்கவாட்டிலிருந்தும் சுட அது இடந்தந்தது. முதிய ஆங்கிலத் தளபதி டால்பட், முகாமிலிருந்து புழுதி எழுவதைக் கண்டு பிரெஞ்சுக்காரர் ஓடுகின்றனர் என்று நினைத்துவிட்டார். உண்மையில் வெளியேறியவை குதிரைகளும் ஏவலாளருமே. தம் படை முழுதும் வந்துசேருமுன்பே தாக்கினார். பீரங்கிகள் கூட்டத்தைக் கிழித்தன. பின்னர் பிரெத்தான் குதிரைப்படை பக்கத்திலிருந்து பாய்ந்தது. டால்பட் மாண்டார். அக்டோபரில் போர்தோ நகரம் பணிந்தது. நூற்றாண்டுப் போர் முடிந்தது. ஆனால் ஆணை பிறந்த ஆண்டு 1439, படை அமைந்த ஆண்டு 1445, இந்த வெற்றி 1453. வரிசையைத் தலைகீழாக்கி, வெற்றி தந்த பீரங்கியே அரசையும் தந்தது என்பது, அறுவடையிலிருந்து உழவு பிறந்தது என்பதற்கு ஒப்பாகும்.

‘பீரங்கி பிரபுக்களுக்கு எட்டாத விலை’ என்னும் வாக்கியமும் பொதுவிதியாக நிற்காது. பிரெஞ்சு மன்னனுக்குக் கீழ்ப்பட்டவனாகப் பெயரளவில் இருந்த பர்கண்டிக் கோமகன் பிலிப்பு, அந்நாளில் ஐரோப்பாவின் சிறந்த பீரங்கிப் படைகளுள் ஒன்றை வைத்திருந்தான். அவன் செய்வித்து, 1457 இல் ஸ்காட்லாந்து மன்னனுக்குப் பரிசாக அனுப்பிய பெரும் பீரங்கி ஒன்று இன்றும் எடின்பரோ கோட்டையில் நிற்கிறது. அதன் எடை ஆறு டன்னுக்கு மேல். அது எறிந்த கல்குண்டு ஏறக்குறைய நூற்றைம்பது கிலோ. வளமான நகரங்களிலிருந்து பணம் பெற்ற கோமகனுக்கு அது எட்டியது. எட்டாதவர் சிற்றரசர்கள், அவர்களுக்கு எட்டாதது பீரங்கி மட்டும் அன்று.

இனி மாதிரி விடையின் இரண்டாம் தூண்: ‘மதில்கள் வீழ்ந்தன.’ எவ்வளவு காலத்துக்கு வீழ்ந்தன? பழைய மதில் உயரமாகவும் மெல்லியதாகவும் இருந்தது. ஏணி வைத்து ஏறுவதைத் தடுக்க உயரம் தேவைப்பட்டது. பீரங்கி அதன் அடியில் அடித்தால் தன் சொந்தப் பாரத்தாலேயே அது சரிந்தது. இதனைக் கண்ட இத்தாலியக் கட்டடக்கலைஞர், மதிலைத் தாழ்த்தி அகலப்படுத்தினர். இரு செங்கற் சுவர்களுக்கிடையே மண்ணை நிரப்பினர். கல் குண்டடி பட்டால் பிளக்கும். மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். மூலைகளில் வட்டக் கோபுரங்களை நீக்கி, அம்புமுனை போன்ற கூரிய கொத்தளங்களை நீட்டினர். ஒரு கொத்தளத்தின் முகத்தை நெருங்குபவனை அடுத்த கொத்தளத்தின் விலாவிலுள்ள பீரங்கி சுடும்; சுடுவதற்கு எட்டாத மறைவிடம் எங்கும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இவ்வகை அரண் இத்தாலி முழுதும் பரவியது. அதன்பின் முற்றுகை மீண்டும் பல திங்கள் நீளும் பட்டினிப் போராயிற்று. பீரங்கி திறந்த கதவைப் பீரங்கிக்காகக் கட்டிய மதிலே மூடிவிட்டது. மாதிரி விடையில் இச்செய்திக்கு ஒரு வரிகூட இடமில்லை.

இந்தப் புதிய மதிலின் விலையை அறிய இத்தாலியின் சியெனா குடியரசைப் பார்க்கலாம். 1552 இல் அந்நகரத்தார் தம்மிடையே இருந்த இசுபானியக் காவற்படையை விரட்டினர். பகைவர் திரும்பி வருவர் என்பது உறுதி. ஆகவே நகருக்கும் தம் ஆட்சிக்குட்பட்ட சிறு நகரங்களுக்கும் புதுமுறைக் கொத்தளங்கள் கட்டத் தொடங்கினர். திட்டம் பெரிது, கருவூலம் சிறிது. செங்கலும் மண்ணும் கூலியாளும் விழுங்கிய பணத்தின்பின், முற்றுகையை உடைக்க வெளியிலிருந்து ஒரு பெரும்படையை நிறுத்தவோ கடல்வழியைக் காக்கவோ பணம் இல்லை. 1554 சனவரியில் புளோரன்சின் கோசிமோவும் பேரரசன் ஐந்தாம் சார்லசும் அனுப்பிய படை நகரை வளைத்தது. ஆகஸ்டில் சியெனாவின் பக்கம் நின்ற படை மார்சியானோ அருகே முறிந்தது. நகரம் அதன்பின்னும் பல திங்கள் தாங்கியது. 1555 ஏப்ரலில் பசியால் பணிந்தது. பின்னர் புளோரன்சின் ஆட்சிக்குள் கரைந்தது.

இங்கே மாதிரி விடைக்கு உரிய மதிப்பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும். சிறிய அரசை வெடிமருந்துப் போரின் செலவு அழித்தது. பெரிய அரசு அதனை விழுங்கியது. இது உண்மை. ஆனால் வேலை செய்தது பீரங்கியின் இடிமுழக்கம் அன்று. அதற்கு அஞ்சிக் கட்டிய மதிலின் கட்டணச் சீட்டு. அந்தச் சீட்டு சிற்றரசுகளோடு நின்றுவிட்டதா? பேரரசுகளின் வாயிலையும் தட்டியது.

ஐரோப்பாவில் அன்று மிகுந்த வருவாயுடைய மன்னன் இசுபானியாவின் இரண்டாம் பிலிப்பு. அமெரிக்க வெள்ளி அவனுக்குக் கப்பல் கப்பலாக வந்தது. எனினும் அவன் ஆட்சியில் 1557 இலும், 1575 இலும், 1596 இலும் கடன்காரர்களுக்குப் பணம் தருவது நிறுத்தப்பட்டது. நெதர்லாந்தில் கிளர்ச்சியை அடக்க நிறுத்திய படைக்குக் கூலி ஆண்டுக்கணக்கில் நிலுவையாயிற்று. புதுமுறை அரண்களையுடைய நகரங்கள் நிறைந்த அந்நாட்டில் ஒவ்வொரு முற்றுகையும் ஒரு போருக்குச் சமம். கூலி பெறாத வீரர் கலகம் செய்தனர். 1572 முதல் 1607 வரை அப்படையில் நாற்பதுக்கு மேற்பட்ட கலகங்கள் எழுந்தன. 1576 நவம்பர் 4 ஆம் நாள் அவர்கள் ஆண்ட்வெர்ப் நகருக்குள் பாய்ந்து சூறையாடினர். நான்கு நாளில், அதுவரை பிலிப்பின் பக்கம் நின்ற மாநிலங்களும் கிளர்ச்சி மாநிலங்களோடு கைகோத்து, இசுபானியப் படையை வெளியேற்ற உடன்படிக்கை செய்துகொண்டன. பிரான்சில் தோலுரிப்போரை ஒழித்ததால் ஓர் அரசு எழுந்தது. இங்கே தோலுரிப்போரைத் தானே உருவாக்கியதால் ஓர் அரசு நாட்டை இழந்தது. இரண்டு இடத்திலும் வெடிமருந்து ஒன்றே.

வென்றவர் யார்? மன்னனே இல்லாத ஏழு மாநிலங்களின் கூட்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அவை உண்டு. அவை இசையாமல் வரி இல்லை. செலவில் பாதிக்கு மேல் ஆலந்து என்னும் ஒரு மாநிலமே சுமந்தது. அதனால் பூசலுக்கும் குறைவில்லை. பாடநூலின் கண்ணால் பார்த்தால் இது நொய்ந்த அமைப்பு, ஒரே அடியில் உடையவேண்டியது. ஆனால் இவர்கள் வீரர்க்குக் கூலியை ஒழுங்காகக் கொடுத்தனர். வரி விதித்தவர்களும் அரசுக்குக் கடன் கொடுத்தவர்களும் பெரும்பாலும் ஒரே நகரத்து வணிகர்களாதலால், கொடுத்த கடன் திரும்பும் என்னும் நம்பிக்கை இருந்தது, வட்டியும் குறைந்தது. 1648 இல் இசுபானியா அவர்களின் விடுதலையை ஒப்புக்கொண்டது. வெடிமருந்து மைய அரசைத்தான் வளர்க்கும் என்பது விதியானால், அவ்விதி தன் மிகப்பெரிய தேர்வில் தோற்றது என்றே கூறவேண்டும்.

இவ்வளவும் தொலைதேசத்துக் கதை என்று மாணாக்கன் எண்ணினால், மலாக்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா செல்லும்போது சாந்தியாகோ வாயிலின் கீழ் அவனைச் சற்று நேரம் நிறுத்திவைக்கலாம். ‘போர்த்துக்கீசியரிடம் பீரங்கி இருந்தது, சுல்தானிடம் இல்லை, மலாக்கா வீழ்ந்தது’ என்று விடைத்தாளில் எழுதியவன் அவனாகவே இருக்கக்கூடும். 1511 இல் அல்புகெர்க் சுமார் ஆயிரத்து இருநூறு பேரோடு வந்து நகரைக் கைப்பற்றியபோது, சுல்தான் மகமூதின் பீரங்கிகள் ஆயிரக்கணக்கில் அகப்பட்டன என்று எழுதிவைத்தவர்கள் போர்த்துக்கீசியரே. அவற்றுள் பெரும்பாலானவை சிறியன என்பதையும், வென்றவர் கணக்கு பெருகக்கூடும் என்பதையும் கழித்துவிட்டாலும், பீரங்கி இல்லாத நகரம் அன்று அது. முதல் தாக்குதலில் கைப்பற்றிய ஆற்றுப்பாலத்தை அவர்கள் விட்டுப் பின்வாங்கினர். உயர்ந்த மரக்கலம் ஒன்றை நீரேற்றத்தில் மிதக்கவிட்டு, அதன் மேல்தளத்திலிருந்து சுட்டு இரண்டாம் முறை பிடித்தனர். மரக்கலங்களைக் கொடுத்து உதவ முன்வந்தவர்கள் துறைமுகத்திலிருந்த சீன வணிகர். நகரத்து இந்து வணிகருள் முதன்மையான நைனா சட்டு போர்த்துக்கீசியரின் பக்கம் சேர்ந்து, அவர்கள் ஆட்சியில் பெண்டகாராப் பதவி பெற்றார். துறைமுகச் சுங்கத்தால் வாழ்ந்த அரசு அது. அச்சுங்கத்தைச் செலுத்திய வணிகருள் ஒரு பகுதியினர் சுல்தானிடம் மனக்குறை கொண்டிருந்தனர். இதனை விடையில் எழுதும் மாணாக்கனுக்கு இன்று எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்பதை ஆசிரியப் பெருமக்களே கூறவேண்டும்.

அதே வாயிலில் இன்னொரு பாடமும் உண்டு. வாயிலின் மேலே செதுக்கியிருக்கும் ஆண்டு 1670. அதன் முத்திரை போர்த்துக்கீசிய மன்னனுடையது அன்று, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. போர்த்துக்கீசியர் எழுப்பிய அந்தக் கோட்டை நூற்று முப்பது ஆண்டுக்காலம் சூழ்ந்திருந்த அரசுகளின் தாக்குதல்களைத் தாங்கியது. 1568 இல் அச்சே சுல்தான் பெரும்படையோடும் பீரங்கிகளோடும் வந்தும் அசையவில்லை. 1640 இல் டச்சுக்காரர், ஜொகூர்ப் படையின் துணையோடு அதனை முற்றுகையிட்டனர். பீரங்கிகள் மதிலை ஓயாது அடித்தன. நகரத்துக்குள் அரிசி தீர்ந்தது. முற்றுகையிட்டோரும் முற்றுகையுண்டோரும் நோயால் மடிந்தனர். ஐந்து திங்களுக்குமேல் தாங்கிய நகரம் 1641 சனவரியில் வீழ்ந்தபோது, அதைக் காத்து நின்றவர்கள் பசியாலும் காய்ச்சலாலும் ஓய்ந்துபோயிருந்தனர். உள்ளே நுழைந்தவர்கள் ஏழு மாநிலக் கூட்டரசின் பட்டயம் பெற்ற வணிகக் கம்பெனியின் ஊழியர். கோட்டையில் இருந்த பீரங்கிகளை அவர்கள் முதலில் எண்ணி, பட்டியலிட்டுக்கொண்டனர்.